ஆடிட்டர் அலுவலக இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு பி.காம். மாணவியின் ரெஸ்யூமே

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறை நெருங்கினால் பி.காம். மாணவர்களின் ரெஸ்யூமேக்கள் எங்கள் மெயிலுக்கு வர ஆரம்பிக்கும். அவற்றை முதலில் திறந்து பார்ப்பது நான்தான். பத்து ரெஸ்யூமே பார்த்தால் எட்டு ஒரே மாதிரி இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் யாருடையது என்றே தெரியாது. எழுதியவர்களிடம் சரக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். செய்த வேலையைச் சொல்லாமல், வகித்த பொறுப்பின் பெயரையும் படித்த பாடத்தின் பெயரையும் மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

சென்ற வருடம் தெரிந்தவர் வீட்டுப் பெண் ஒருவர் தன் ரெஸ்யூமேயைக் கொண்டுவந்தார். பி.காம். இரண்டாம் ஆண்டு. எங்கேயும் வேலை பார்த்ததில்லை. இருவரும் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க அதைத் திருத்தினோம். அவரை அடையாளம் காட்டாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றி, அந்தத் திருத்தத்தையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும். வரிகளைத் தமிழில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் அந்த அலுவலகத்தில் என்ன வேலை என்று பாருங்கள்

ரெஸ்யூமேயைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் ஒரு இன்டர்னுக்கு முதல் வாரம் என்ன வேலை கொடுப்பார்கள் என்று எழுதுங்கள். ஆடிட்டர் அலுவலகம் என்றால் விடை கடினமில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பில்களை டேலியில் பதிவது, வங்கி ஸ்டேட்மென்டையும் கேஷ்புக்கையும் ஒத்துப்பார்ப்பது, கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் `GSTR-2B`-யோடு ஒப்பிடுவது, விட்டுப்போன பில்லுக்காக வாடிக்கையாளருக்கு போன் போடுவது. இந்த நான்கும் போதும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பல மாணவர்கள் மெயிலில் 'ஆர்ட்டிக்கிள்ஷிப் வேண்டும்' என்று எழுதுகிறார்கள். அது சி.ஏ. படிப்பவர்கள் ஐ.சி.ஏ.ஐ.யில் பதிவு செய்துகொண்டு செய்யும் பயிற்சி. பி.காம். மாணவர் விடுமுறையில் ஒன்றிரண்டு மாதம் வருவது இன்டர்ன்ஷிப். இரண்டையும் குழப்பினால், இந்தத் துறையைப் பற்றி விசாரிக்கவே இல்லை என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார்.

அப்புறம், இரண்டாவது தாளில் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் கையால் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். லேப் பயிற்சி, அசைன்மென்ட், விழா வேலை, என்.எஸ்.எஸ். முகாம், சித்தப்பா கடையில் கணக்கு எழுதியது, எல்லாம் வரட்டும். முதல் தாளில் இருக்கும் வேலைகளோடு எது ஒட்டுகிறதோ அது ரெஸ்யூமேக்குள் வரும். ஒட்டாததை மனசு கேட்காவிட்டாலும் விட்டுவிட வேண்டும்.

பாடங்கள்: பட்டியல் வேண்டாம், ஒரு பயிற்சி போதும்

அந்த மாணவி 'படித்த பாடங்கள்' என்று பதினான்கு பாடங்களை வரிசையாகப் போட்டிருந்தார். பிசினஸ் எகனாமிக்ஸ், மார்க்கெட்டிங், தமிழ், ஆங்கிலம் எல்லாம் இருந்தன. பி.காம். பாடத்திட்டம் எங்களுக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதுவதால் அவரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

"இதில் எதையாவது கையால் செய்தாயா?" என்று கேட்டேன். ஜி.எஸ்.டி. பாடத்தில் ஒரு பயிற்சி செய்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆசிரியர் இரண்டு எக்செல் ஷீட் கொடுத்திருக்கிறார். ஒன்று ஒரு கடையின் மூன்று மாதக் கொள்முதல் பதிவேடு, 84 பில்கள். இன்னொன்று அதே மாதங்களுக்கான `GSTR-2B` மாதிரி. இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசங்களையும் காரணங்களையும் எழுத வேண்டும். இவர் ஒன்பது வித்தியாசங்களைப் பிடித்திருக்கிறார். ஐந்து பில்கள் 2B-யில் இல்லை, காரணம் சப்ளையர் தன் `GSTR-1`-ஐத் தாக்கல் செய்யவில்லை. மூன்றில் பில் எண் தவறாகப் பதிவாகியிருந்தது. ஒன்று இரண்டு முறை பதிவாகியிருந்தது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் வேலை இதுவேதான். அதைச் செய்து பார்த்த ஒருவர் 'படித்த பாடங்கள்: ஜி.எஸ்.டி.' என்று மூன்றே சொல்லில் எழுதி முடித்திருக்கிறார்! அந்த வரியை இப்படி மாற்றினோம்:

> ஜி.எஸ்.டி. பாடப் பயிற்சி (மாதிரித் தரவு): மூன்று மாதக் கொள்முதல் பதிவேட்டின் 84 பில்களை `GSTR-2B`-யோடு எக்செலில் ஒப்பிட்டேன். ஒன்பது வித்தியாசங்களைக் கண்டறிந்து காரணவாரியாகப் பிரித்தேன்.

'மாதிரித் தரவு' என்ற சொல் அவசியம். அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு நிறுவனத்தின் நிஜக் கணக்கு என்று படிப்பவர் நினைப்பார். நேரில் கேட்கும்போது வகுப்புப் பயிற்சி என்று தெரிந்தால் மற்ற வரிகள் மேலும் சந்தேகம் வரும். வகுப்பில் செய்தது என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவியிடம் நாங்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

வரி எப்படி அமைந்திருக்கிறது என்று கவனியுங்கள். எதை வைத்து, எவ்வளவு, என்ன செய்தேன், என்ன கிடைத்தது. இந்த நாலும் வந்துவிட்டால் வரி தானாக நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ரெகன்சைல்ட்', 'பிரிப்பேர்ட்', 'என்டர்ட்' போன்ற நேரடி வினைகளில் தொடங்குங்கள். 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்று தொடங்கினால் பொறுப்பு இருந்தது மட்டும் தெரியும், அதைச் செய்தீர்களா என்பது தெரியாது.

டேலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'டேலி நன்றாகத் தெரியும்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த மாணவி மாமாவின் மளிகைக் கடைப் பில்களைத் தன் லேப்டாப்பில் 'தினமும் தேதிவாரியாகப் பதிந்தேன்' என்று எழுதியிருந்தார். லைசென்ஸ் இருந்ததா என்று கேட்டேன். இல்லை, எஜுகேஷனல் மோட். அந்த மோடில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். டேலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் யாருக்கும் இது தெரியும். உண்மையில் அவர் எல்லாப் பில்களையும் 1-ஆம் தேதியில் பதிந்து பழகியிருக்கிறார். ஆகவே 'டேலி பிரைம் (எஜுகேஷனல் மோட்): கொள்முதல், விற்பனை, ரசீது வவுச்சர் பதிவு, டிரயல் பேலன்ஸ் எடுப்பது' என்று மாற்றினோம். சின்ன வரியாகிவிட்டது. ஆனால் எதைக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய வரி.

மன்றம்: பதவியை விட வவுச்சர் பெரிது

'வணிகவியல் மன்றப் பொருளாளர்' என்று ஒரே வரி இருந்தது. பொருளாளர் என்றால் சில கல்லூரிகளில் மேடையில் உட்காருவது மட்டும்தான், அதனால் பதவிப் பெயரை வைத்து எங்களால் எதையும் முடிவு செய்ய முடியாது. விழாவின்போது என்ன செய்தாய் என்று கேட்டதும் கதை வெளியே வந்தது.

கல்லூரிகளுக்கு இடையிலான விழா. மொத்தச் செலவு ₹62,400. சாப்பாடு, பேனர், ஷீல்டு, ஆட்டோ வாடகை என்று 71 வவுச்சர்கள். எல்லாவற்றையும் எக்செலில் கேஷ்புக்காக எழுதியிருக்கிறார். கடைசியில் கையிருப்பு ₹350 குறைந்தது. துறைத் தலைவரிடம் கணக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வவுச்சராக டிக் அடித்துப் பார்த்திருக்கிறார். ஷீல்டு ஏற்றிவந்த ஆட்டோவுக்குக் கொடுத்த ₹350-க்கான வவுச்சர் இன்னொரு மாணவரின் பையிலேயே இருந்திருக்கிறது. அதை வாங்கிப் பதிந்து மூன்று நாளில் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டார்.

> பொருளாளர், வணிகவியல் மன்றம்: ₹62,400 விழாச் செலவை 71 வவுச்சர்களுடன் எக்செல் கேஷ்புக்கில் பதிந்தேன். ₹350 வித்தியாசத்தை வவுச்சர் சரிபார்ப்பில் கண்டறிந்து, மூன்று நாளில் கணக்கு ஒப்படைத்தேன்.

எங்கள் ஆடிட்டர் இந்த மாதிரி ஒரு வரியைப் பார்த்தால் பேனாவை எடுத்து வட்டம் போடுவார். வித்தியாசம் வந்தால் மறைக்காமல் உட்கார்ந்து தேடுகிற ஆள் வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. ₹350 என்பது சின்னத் தொகை என்று அந்த மாணவி அதை விட்டுவிட நினைத்தார். நான் விடவில்லை.

உங்களுக்குப் பதவியே இல்லையா? பரவாயில்லை. விழாவில் பதிவு மேசையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் பணம் வாங்கி ரசீது கொடுத்தீர்கள், நாள் முடிவில் ரசீதுப் புத்தகமும் பணமும் ஒத்துப்போயிற்றா என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு வரி.

என்.எஸ்.எஸ்.: மணிநேரம் எழுதுங்கள், அப்புறம் உங்கள் பங்கை எழுதுங்கள்

என்.எஸ்.எஸ். தொண்டர் என்றால் வருடத்துக்கு 120 மணிநேரம், இரண்டு வருடத்தில் 240 மணிநேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது வழக்கம். நீங்கள் முடித்த மணிநேரம் எவ்வளவோ அதை எழுதுங்கள். ஒரு வருடம்தான் ஆகியிருந்தால் 120 என்றே எழுதுங்கள். சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் 'தொடர்கிறது' என்று போடுங்கள்.

முகாமில் மரம் நட்டது, குளம் தூர்வாரியது எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் கணக்கு அலுவலகத்துக்கான தாளில் அவற்றுக்கு இடம் குறைவு. அந்த மாணவியின் முகாமில் ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 146 வீடுகள். குடிநீர், கழிப்பறை, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை பற்றிய படிவங்கள். ராத்திரி எல்லாரும் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தபோது இவரும் இன்னொருவரும் படிவங்களை எக்செலில் ஏற்றியிருக்கிறார்கள். 26 படிவங்களில் உறுப்பினர் எண்ணிக்கை காலியாக இருந்தது. மறுநாள் காலையில் அந்த வீடுகளுக்கே திரும்பப் போய்க் கேட்டு நிரப்பியிருக்கிறார்.

திரும்பப் போனது என்ற அந்தப் பகுதிதான் முக்கியம். வாடிக்கையாளரிடம் விட்டுப்போன பில்லைக் கேட்டு வாங்குவதும் இதே மாதிரி வேலைதான். முகம் சுளிக்காமல் இரண்டாவது முறை போய்க் கேட்க வேண்டும். ஆகவே '146 வீடுகளின் கணக்கெடுப்புப் படிவங்களை இருவராக எக்செலில் பதிந்து, முழுமையாகாத 26 படிவங்களை நேரில் சென்று நிறைவு செய்தேன்' என்று எழுதினோம். இருவர் செய்ததை இருவர் என்றே எழுதியிருப்பதையும் பாருங்கள்.

என்.சி.சி., ஒய்.ஆர்.சி. எதுவானாலும் இதே கேள்விதான்: அந்தக் குழுவில் உங்கள் கையில் இருந்த வேலை எது?

சான்றிதழ்கள்: பதினொன்றை மூன்றாக்கியது

பதினொரு சான்றிதழ்கள் இருந்தன. அவற்றில் எட்டு, ஒரு மணிநேர வெபினாருக்கு ஃபார்ம் நிரப்பினால் மெயிலில் வரும் பங்கேற்புச் சான்றிதழ்கள். இவற்றை முழுவதும் எடுத்துவிட்டோம். தேர்வு எழுதாமல் வந்த சான்றிதழ், கவனித்தோமா என்பதைக்கூடக் காட்டாது. நல்ல சான்றிதழையும் அது கூட்டத்தில் மறைத்துவிடும்.

என்.பி.டி.இ.எல். சான்றிதழ் இருந்தால் அதை மேலே வையுங்கள். வாராந்திர அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டும் சேர்ந்துதான் சான்றிதழ் என்பது பல அலுவலகங்களில் தெரியும். 60-க்கு மேல் எலைட், 75-க்கு மேல் எலைட் மற்றும் சில்வர், 90-க்கு மேல் எலைட் மற்றும் கோல்டு. பாடத்தின் பெயர், எத்தனை வாரம், மதிப்பெண், மாதம், வருடம் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். இவருக்கு நிதிக் கணக்கியலில் 78 வந்திருந்தது. பழைய தாளில் அது எட்டாவது இடத்தில், மதிப்பெண் இல்லாமல் கிடந்தது.

வீடியோக்களை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் பதிவு செய்யாதவர்கள் அதைச் சான்றிதழ் என்ற தலைப்பில் போடக்கூடாது. தேர்வு இனிமேல்தான் என்றால், தேர்வு மாதத்தைக் குறிப்பிட்டு 'பதிவு செய்துள்ளேன்' என்று எழுதலாம். 'நான் முதல்வன்' திட்டத்தில் படித்திருந்தால் திட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் எந்தப் பாடம் என்று எழுதுங்கள். அந்தத் திட்டத்தில் படிப்பு பல இருக்கிறது, எங்களுக்கு வேண்டியது உங்கள் பாடத்தின் பெயர்.

எக்செல் சான்றிதழ் ஒன்றையும் வைத்துக்கொண்டோம். அதோடு திறன்கள் பகுதியில் 'எம்.எஸ். ஆபீஸ்' என்று இருந்ததை எடுத்துவிட்டு, அவருக்கு உண்மையில் போடத் தெரிந்த `SUMIFS`, `VLOOKUP`, பிவோட் டேபிள் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதினோம். `VLOOKUP` என்று எழுதினால் அதைப் போட்டுக் காட்டச் சொல்வோம். உதாரணத்துக்கு, B நெடுவரிசையில் இருக்கும் பில் எண் 2B ஷீட்டில் இருக்கிறதா என்று பார்க்க இது போதும்:

```
=VLOOKUP(B2,'2B'!B:F,5,FALSE)
```

கடைசியில் `FALSE` ஏன் என்று கேட்போம். சரியாக அதே எண் இருந்தால் மட்டும் எடுக்க, இல்லாவிட்டால் `#N/A` காட்ட. இதைச் சொல்லத் தெரிந்தால் எழுதுங்கள்.

தாளின் அமைப்பு

ஒரே பக்கம். மேலே பெயர், போன், மெயில், ஊர். அடுத்து படிப்பு, பிறகு பாடப் பயிற்சிகள், மன்றமும் என்.எஸ்.எஸ்.ஸும், சான்றிதழ்கள், கடைசியில் திறன்களும் மொழிகளும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதைக் கட்டாயம் போடுங்கள். கடைக்காரர்களின் கைப்பில் பாதி தமிழில்தான் வருகிறது.

பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. இனிஷியல் மார்க்ஷீட்டில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், ஆன்லைன் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக ஏறியிருக்கும். மார்க்ஷீட்டில் உள்ளபடி ஒன்றையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சான்றிதழ் கொடுக்கும்போது எந்தப் பெயரில் அடிப்பது என்ற குழப்பம் வராது.

அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, போட்டோ, பொழுதுபோக்கு, கீழே 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற பத்தி, எதுவும் தேவையில்லை. அவற்றை எடுத்தாலே மூன்று நல்ல வரிகளுக்கு இடம் கிடைக்கும். 'குறிக்கோள்' என்ற பகுதியும் வேண்டாம், அது மெயிலில் வரட்டும்.

சிஜிபிஏ குறைவாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இருப்பதைவிடக் குறைவாக நினைப்போம். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் இருந்தால் மொத்தத்தோடு அதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். அரியர் இருப்பதைத் தாளில் போட வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் மறைக்காதீர்கள்.

ரெடிமேட் டிசைனில் இரண்டு நெடுவரிசையாக, ஐகான், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் போட்டுச் செய்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிடிஎஃபைத் திறந்து `Ctrl+A`, `Ctrl+C` அடித்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் இடது வலது கலந்து வந்தாலோ, போன் எண் காணாமல் போனாலோ, வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். வேர்டில் ஒரே நெடுவரிசையாக அடித்த தாள் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

பக்கத்தில் ஒரு நண்பரை உட்காரவைத்து ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்த மாணவியிடம் நான் கேட்டவை: அந்த ஐந்து பில்களுக்குரிய உள்ளீட்டு வரியை அந்த மாதம் எடுக்க முடியுமா? பில் எண் தவறு என்று எப்படித் தெரிந்தது? இரண்டு முறை பதிவானதை எந்த ஃபார்முலா காட்டியது? முதல் கேள்விக்குத் தடுமாறினார். வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் போனில் சொன்னார். தடுமாறும் வரியை ஒன்று படித்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.

கோப்பின் பெயர் `Resume_final_new2.pdf` என்று இருக்க வேண்டாம். உங்கள் பெயர், படிப்பு, இன்டர்ன் என்ற மூன்றும் இருந்தால் எங்கள் கணினியில் தேடி எடுக்க முடியும். மெயிலில் நான்கு வரி போதும்: யார், எந்தக் கல்லூரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும், உங்கள் தாளில் இருந்து ஒரே ஒரு வேலை. தேதியை எழுதாதவர்களுக்கு நாங்கள் திருப்பிக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது, பல நேரம் எழுதுவதில்லை. கல்லூரியின் அனுமதிக் கடிதம் கிடைக்குமா என்று துறைத் தலைவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் அனுப்புவது என்பதும் முக்கியம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு `GSTR-1` 11-ஆம் தேதி, `GSTR-3B` 20-ஆம் தேதி. அந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் மெயிலைத் திறக்க ஆள் இருக்காது. 22-க்கு மேல் மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள். ஒரு வாரம் பதில் இல்லை என்றால் மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு போன் செய்யலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மாணவி 23-ஆம் தேதி நான்கு அலுவலகங்களுக்கு அனுப்பினார். இரண்டில் இருந்து அழைப்பு வந்தது. ஒன்றில் அந்த 84 பில் ஷீட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, அழிக்காமல் வைத்திருந்தார். உங்கள் ஷீட்டுகளையும் இன்றைக்கே ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள்.